வாய்தாவும் கணக்கும்: ஆய்வு மாணவர் நெறியாளரிடம் கால நீட்டிப்புக் கேட்பது பற்றி

முனைவர் பட்ட ஆய்வு நடக்கும் எந்தத் துறைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நெறியாளரின் அறை வாசலில் ஆய்வு மாணவி நிற்கிறார். இயலைத் தர வேண்டிய நாள் நாளை மறுநாள். உள்ளே போய், "ஐயா, இன்னும் ரெண்டு வாரம் மட்டும் டைம் வேணும்" என்கிறார். "போன தடவையும் ரெண்டு வாரம்னுதானேம்மா சொன்னீங்க?" என்று கேட்கிறார் நெறியாளர். மாணவியிடம் பதில் இல்லை. நெறியாளர் தலையசைத்து அனுப்பிவிடுகிறார். இரண்டு வாரம் கழித்து இருவரும் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

நீதிமன்றத்தில் இதற்கு வாய்தா என்று பெயர். வழக்கு நகராது, தேதி மட்டும் நகரும். அந்த அறையில் நடந்ததும் வாய்தாதான். எவ்வளவு வேலை முடிந்தது, எவ்வளவு மிச்சம், ஏன் இரண்டு வாரம், ஏன் ஐந்து வாரம் இல்லை என்று ஒருவரும் பேசவில்லை. நெறியாளருக்கு முடிவெடுக்க எதுவும் தரப்படவில்லை. ஆகவே அவர் எடுத்ததை முடிவு என்று சொல்ல முடியாது. அது இரக்கம், அல்லது சலிப்பு.

இந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு, திட்டமிடல் பற்றிய உளவியல் ஆய்வுகளிலும் வேலையிடங்கள் பற்றிய ஆய்வுகளிலும் தெளிவான விடைகள் இருக்கின்றன. அவற்றை நம் பல்கலைக்கழகச் சூழலில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. நான் கேட்கும் நாற்காலியிலும் கேட்கப்படும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தே எழுதுகிறேன்.

எந்தக் கெடு, யார் கையில்?

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, எந்தக் கெடுவை நெறியாளரால் நீட்ட முடியும் என்பதை. ஓர் ஆய்வு மாணவருக்கு இரண்டு வகைக் கெடுக்கள் உண்டு.

ஒன்று, விதியில் எழுதப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி, பாடப்பணியையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை கிடைக்கும். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டு தளர்வு உண்டு. மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை பெண்கள் எடுக்கலாம். இவற்றில் எதையும் நெறியாளர் தன் விருப்பப்படி நீட்ட முடியாது. உரிய படிவத்தில், உரிய குழுவின் பரிந்துரையோடு, பதிவுக்காலம் முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே முன்னேற்றம் காட்டிப் பேசுவதால் மட்டும் பயனில்லை, படிவம் போயிருக்க வேண்டும்.

மற்றொன்று, நெறியாளரும் மாணவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. இயல் வரைவு, கட்டுரை, கள அறிக்கை போன்றவற்றுக்கான தேதிகள். இவை நெறியாளர் கையில் இருக்கின்றன. ஆனால் முழுவதும் இல்லை. அதே ஒழுங்குமுறைகளின்படி மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தன் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். முன்னேற்றம் போதாது என்று குழு கருதினால் காரணத்தைப் பதிவு செய்து திருத்த வழிகளைச் சொல்லும். அவையும் நடக்காவிட்டால் பதிவை நீக்கப் பரிந்துரைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆகவே இயலின் தேதி ஒரு மாதம் தள்ளிப்போனால், அது குழுக் கூட்டத்துக்கு முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்பதுதான் நெறியாளரின் மனத்தில் எழும் முதல் கேள்வி. மாணவர் அதைத் தானே பார்த்துக்கொண்டு போனால் பேச்சு பாதி முடிந்த மாதிரி.

இனி இங்கே பேசப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான்.

கேட்கத் தயங்குவது ஏன்?

கடைசி நாள் வரை கேட்காமல் இருப்பதற்குச் சோம்பல் காரணம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது பயம். கேட்டால் திறமை இல்லாதவள் என்று நினைத்துவிடுவாரோ, நமக்காக அவர் சிரமப்பட வேண்டுமோ என்ற எண்ணம்.

ஆஷ்லி வில்லன்ஸ் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2021இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். நெகிழக்கூடிய கெடுவாக இருந்தாலும் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே நீட்டிப்புக் கேட்கிறார்கள், அதனால் கூடுதல் நேர நெருக்கடிக்கு ஆளாகிறார்கள் என்று கண்டார்கள். பிறருக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற கவலை இதில் பெரிய பங்கு வகித்தது. நீட்டிப்புக் கேட்பதற்கென்று முறையான ஒரு வழியை வெளிப்படையாக வைத்தபோது இந்த இடைவெளி குறைந்தது. இதே ஆய்வாளர்களில் சிலர் செய்த வேறு ஆய்வுகள், கேட்பவர் பயப்படும் அளவுக்கு மேலாளர்கள் அவரைத் தாழ்வாக மதிப்பதில்லை என்றும் காட்டின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டேவிட் ஃபாங், சாம் மேக்லியோ ஆகியோரின் ஆய்வில், ஒரே வேலை 'தாமதமாக வந்தது' என்று சொல்லப்பட்டபோது அதன் தரத்தையே குறைவாக மதிப்பிட்டார்கள். எழுத்து மாறவில்லை, வந்த நேரம்தான் மாறியது. அதுவே மதிப்பீட்டைக் கீழே இழுத்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவு கிடைக்கிறது. கேட்பதால் வரும் இழப்பை நாம் மிகையாக எண்ணுகிறோம், தவறவிடுவதால் வரும் இழப்பைக் குறைத்து எண்ணுகிறோம். தேதி இன்னும் தவறாமல் இருக்கும்போதே அதை இருவரும் பேசி மாற்றிக்கொண்டால், புதிய தேதிக்குள் வரும் வேலை தாமதமான வேலை ஆகாது.

இந்த ஆய்வுகள் மேலைநாட்டு அலுவலகங்களையும் வகுப்பறைகளையும் அடிப்படையாகக் கொண்டவை. நம் ஊரில் நெறியாளருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள படிநிலை இன்னும் செங்குத்தானது, உறவும் நீண்டது. அதனால் பயம் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆனால் அதே காரணத்தால், மூன்று முறை வாய்தா வாங்கியவர் என்ற பெயர் ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

புதிய தேதி ஏன் மறுபடியும் பொய்க்கிறது?

"இரண்டு வாரம்" என்று சொன்ன மாணவி பொய் சொல்லவில்லை. அவர் அதை உண்மையாக நம்பினார். இந்தப் பிழைக்கு டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அதைத் திட்டமிடல் மயக்கம் எனலாம். முன்னால் இதே மாதிரி வேலைகளுக்கு எவ்வளவு நாள் ஆயிற்று என்பதை விட்டுவிட்டு, இந்த வேலை தடையில்லாமல் நடந்தால் எவ்வளவு ஆகும் என்று மட்டும் பார்ப்பதே இந்த மயக்கம்.

இதை ஆய்வேட்டை வைத்தே சோதித்தவர்கள் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ். 1994இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருந்த உளவியல் மாணவர்களிடம் இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னதன் சராசரி 34 நாள். உண்மையில் ஆனது ஏறத்தாழ 55 நாள். எல்லாமே மிக மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன சராசரி 49 நாள்தான். தாங்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலையைவிடவும் நடந்தது பிந்தியது.

இதிலிருந்து மாணவர்களுக்கு ஒரு நேரடிப் பாடம் உண்டு. மனத்தில் தோன்றும் நாளோடு பாதுகாப்புக்கு நாலு நாள் கூட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பது தப்பு. அடித்தளமே தப்பான எண்ணில் எவ்வளவு கூட்டினாலும் அது ஊகம்தான்.

அதே ஆய்வு மருந்தையும் சொன்னது. கடந்த காலத்தில் இதே மாதிரி வேலைகள் எப்படி முடிந்தன என்று நினைத்துப் பார்க்கச் சொன்னால் மட்டும் பெரிய பலன் இல்லை. அந்த அனுபவத்தை இப்போது செய்யும் வேலையோடு இணைத்து, அதே வேகத்தில் போனால் எப்போது முடியும் என்று எழுதச் சொன்னபோதுதான் கணிப்பு உண்மையோடு பொருந்தியது. நாம் தேடும் முன்னேற்றக் கணக்கு இதுதான். அது நெறியாளரை நம்பவைக்கக் காட்டும் சான்று மட்டும் இல்லை. புதிய தேதி பிறக்கும் இடமே அது. முன்னேற்றம் காட்டுவதும் தேதி சொல்வதும் இரண்டு தனி வேலைகள் என்று நினைப்பதால்தான் பலருக்கு இரண்டும் பொய்க்கின்றன.

எது முன்னேற்றம்?

"எண்பது சதவீதம் முடிஞ்சிருச்சு ஐயா." இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொல்லவும் செய்திருக்கிறேன். இதில் நெறியாளர் சரிபார்க்க எதுவும் இல்லை. மென்பொருள் துறையில் ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே இதைக் கவனித்து எழுதினார். நிரல் எழுதும் வேலை அதன் மொத்தக் காலத்தில் பாதி நேரம் 'தொண்ணூறு சதவீதம் முடிந்த' நிலையிலேயே நிற்கும் என்றார். ஆய்வேடும் அப்படித்தான்.

ஆகவே முன்னேற்றத்தை எண்ணக்கூடிய, முடிந்ததா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய துண்டுகளில் காட்ட வேண்டும். எழுத்தாக்கிய நேர்காணல்கள், படித்துக் குறிப்பெடுத்த ஓலைச்சுவடி ஏடுகள், முடித்த சோதனைகள், எழுதி முடித்த பகுதிகள் போன்றவை அத்தகைய துண்டுகள். 'பாதி எழுதிய பகுதி' என்பதை எழுதாத பகுதியாகவே கணக்கில் வைக்க வேண்டும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மிச்ச வேலையைக் குறைத்துக் காட்டினால் புதிய தேதியும் பொய்யாகும், அந்தப் பொய்யின் விலையைக் கொடுக்கப்போவது மாணவர்தான்.

துண்டுகளோடு இன்னொன்றும் வேண்டும். அது வேகம். ஒரு துண்டுக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று, வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைத்தது என்பது. இந்த இரண்டு எண்களும் இல்லாமல் தேதி சொல்வது சோதிடம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஓர் ஆய்வு மாணவியை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்கிறார். ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடமும் எடுக்கிறார். 24 பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள் கைபேசியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இவற்றைக் கேட்டு எழுத்தாக்கி, யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கருப்பொருள்வாரியாகக் குறியிட்டு, அதன்மேல் நான்காம் இயலை எழுத வேண்டும். வரைவைத் தர வேண்டிய நாள் அக்டோபர் 31.

செப்டம்பர் முதல் நாள் எழுத்தாக்கத்தைத் தொடங்கினார். ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கு மணி நேரம் ஆகும், வாரத்துக்கு நான்கு முடிக்கலாம், ஆறு வாரத்தில் 24உம் முடிந்துவிடும் என்பது திட்டம். ஆறு வாரம் கழித்து, அக்டோபர் 13 திங்களன்று நோட்டைத் திறந்து எண்ணினால் 15தான் முடிந்திருக்கின்றன. காரணத்தைத் தேடினால் கிடைக்கிறது. உப்பளத்துக் காற்று பதிவில் இரைகிறது, வட்டாரப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பதிவுக்கு நான்கு மணி நேரம் இல்லை, ஆறு மணி நேரம் ஆகிறது. வாரத்துக்குக் கிடைத்தது 15 மணி நேரம். இதற்கிடையே ஆயுத பூஜை விடுமுறையில் உட்கார்ந்து நான்கு நேர்காணல்களைக் குறியிட்டும் பார்த்திருக்கிறார். ஒன்றுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. இயலின் முதல் பகுதி, பதினொரு பக்கம், ஆகஸ்டிலேயே எழுதி முடிந்தது.

அவர் மனத்தில் இருந்த புதிய தேதி நவம்பர் 15. இப்போது கணக்கைப் போடுவோம்.

எழுத்தாக்க வேண்டியவை ஒன்பது. ஆறு மணி நேரம் வீதம் 54 மணி நேரம். குறியிட வேண்டியவை இருபது. மூன்று மணி நேரம் வீதம் 60 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 114 மணி நேரம். வாரத்துக்கு 15 மணி நேரம் என்றால் எட்டு வாரம். மிச்சப் பகுதிகளை எழுத எவ்வளவு? இங்கே ஆசையைக் கேட்கக் கூடாது, மூன்றாம் இயலைக் கேட்க வேண்டும். அதில் இதே அளவு எழுதுவதற்கு நான்கு வாரம் ஆயிற்று. ஆகப் பன்னிரண்டு வாரம். தீபாவளி வாரத்தில் வேலை நடக்காது. நவம்பரில் பருவத்தேர்வுக் கண்காணிப்புப் பணியில் ஒரு வாரம் போகும். பதினான்கு வாரத்தை எண்ணிக்கொண்டு வந்தால் பொங்கல் குறுக்கே நிற்கிறது. அதையும் சேர்த்தால் பதினைந்து. அக்டோபர் 13இலிருந்து பதினைந்து வாரம் ஜனவரி 26. அன்று குடியரசு நாள். ஆகவே ஜனவரி 27.

நவம்பர் 15 எங்கே, ஜனவரி 27 எங்கே! இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் நோட்டை மூடிவிட்டு, கேட்கக்கூடிய ஒரு தேதியாக நவம்பர் கடைசியைச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த வாய்தா அந்த நிமிடத்திலேயே உறுதியாகிவிடுகிறது.

செய்ய வேண்டியது வேறு. தேதியைச் சுருக்கக் கூடாது, வேலையைச் சுருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். 24க்குப் பதில் 18 நேர்காணல்களோடு நிறுத்தினால்? எழுத்தாக்க மூன்றே மிச்சம், 18 மணி நேரம். குறியிடப் பதினான்கு, 42 மணி நேரம். மொத்தம் 60 மணி நேரம், நான்கு வாரம். எழுத நான்கு வாரம். தீபாவளி, தேர்வு இரண்டுக்கும் இரண்டு வாரம். ஆகப் பத்து வாரம், டிசம்பர் 22. பொங்கலும் குறுக்கே வராது, ஜனவரியில் கூடும் ஆலோசனைக் குழுவுக்கு முன்னால் வரைவும் கையில் இருக்கும்.

நேர்காணலைக் குறைத்தால் ஆய்வு கெடுமா? கிரெக் கெஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் கானா, நைஜீரியா நாடுகளில் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்தபோது, முதல் பன்னிரண்டிலேயே பெரும்பாலான கருப்பொருள்கள் வந்துவிட்டன. ஆனால் இதை வாய்பாடாக எடுத்துக்கொள்ள முடியாது. பேசியவர்கள் ஒத்த பின்னணி உடையவர்களாக இருந்தால்தான் இது பொருந்தும். மிச்சமுள்ள ஒன்பதில் வேறு வகையினர், எடுத்துக்காட்டாக இந்த வேலைக்குப் புதிதாக வந்த இளம்பெண்கள் இருந்தால், எழுத்தாக்கும் மூன்றும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். இது ஆய்வு சார்ந்த தீர்ப்பு. இதைச் சொல்ல வேண்டியவர் நெறியாளர். மாணவி அவரிடம் கொண்டுபோக வேண்டிய கேள்வியும் இதுதான். 'நேரம் தருவீர்களா?' என்ற கேள்விக்கு இரக்கத்தால்தான் பதில் சொல்ல முடியும். 'பதினெட்டு போதுமா?' என்ற கேள்விக்கு அறிவால் பதில் சொல்லலாம்.

கடிதம்

இனி எழுத வேண்டியது ஒரு பக்கம்கூட வராது.

"ஐயா, வணக்கம். நான்காம் இயல் வரைவை அக்டோபர் 31 அன்று தருவதாகச் சொல்லியிருந்தேன். அந்தத் தேதிக்குள் முடிக்க முடியாது என்பது நேற்றுக் கணக்குப் பார்த்தபோது தெரிந்தது.

இதுவரை 15 நேர்காணல்களை எழுத்தாக்கியிருக்கிறேன். நான்கைக் குறியிட்டிருக்கிறேன். இயலின் முதல் பகுதி முடிந்துவிட்டது. மூன்றையும் இணைத்துள்ளேன். ஒரு பதிவுக்கு நான்கு மணி நேரம் என்று நினைத்தேன், ஆறு மணி நேரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் இதுதான்.

இரண்டு வழி தெரிகிறது. பதினெட்டு நேர்காணல்களோடு எழுதினால் டிசம்பர் 22 அன்று முழு வரைவைத் தர முடியும். இருபத்து நான்கும் வேண்டுமென்றால் ஜனவரி 27 ஆகும். மிச்சத்தில் இளம்பெண்கள் மூவரின் நேர்காணல்களை மட்டும் சேர்த்தால் போதும் என்று எனக்குப் படுகிறது. தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்த வழியானாலும் அக்டோபர் 31 அன்று பதினெட்டு நேர்காணல்களின் எழுத்தாக்கத்தையும் தங்களிடம் தந்துவிடுகிறேன். இந்த வாரம் எப்போது நேரில் வரலாம் என்று சொன்னால் கணக்கையும் கொண்டுவருகிறேன்."

இதில் மன்னிப்பு மன்றாடல் இல்லை. வீட்டில் உடம்பு சரியில்லை, மின்வெட்டு, மடிக்கணினி பழுது என்ற பட்டியலும் இல்லை. அவை உண்மையாக இருந்து வேலையைப் பாதித்திருந்தால் ஒரு வரியில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நெடுநாள் நோய் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே கேட்க வேண்டியது விடுப்பு. மற்றபடி, எதிர்காலத்தின் வேகத்தை விளக்கும் காரணமே பயனுள்ள காரணம். ஆறு மணி நேரம் என்ற எண் நேற்று ஏன் தாமதம் என்பதையும் சொல்கிறது, நாளை எவ்வளவு ஆகும் என்பதையும் சொல்கிறது.

பழைய தேதியைப் பாருங்கள். அக்டோபர் 31 காலியாகப் போகவில்லை. அன்றும் நெறியாளர் மேசையில் ஒன்று வந்து சேர்கிறது. ஒரு வாரத்தில் 15 மணி நேரம், தீபாவளிக்குப் பிறகு இன்னும் மூன்று மணி நேரம் உழைத்தால் அந்த மூன்று எழுத்தாக்கமும் முடியும். அந்த வாக்கைக் காப்பாற்றினால் டிசம்பர் 22ஐ நெறியாளர் நம்புவார். இணைப்பும் அப்படியே. 'முடிந்தது' என்று சொல்வதோடு நிற்காமல் முடிந்ததை அனுப்பிவிட வேண்டும். சில நேரம் அதைப் படித்துவிட்டு, "குறியிடலில் இந்த இரண்டு தலைப்பும் ஒன்றுதானேம்மா" என்று நெறியாளர் திருத்துவார். மிச்சமுள்ள வேலையில் தவறு தொடராமல் அதுவே காக்கும்.

எப்போது கேட்பது? வேகம் தெரிந்துவிட்ட பிறகு, தேதி நெருங்கிவிடுவதற்கு முன். இரண்டு வாரம் வேலை செய்தாலே வேகம் தெரிந்துவிடும். உண்மையில் இந்த மாணவி செப்டம்பர் நடுவிலேயே கண்டுபிடித்திருக்கலாம். இரண்டு வாரத்தில் எட்டு முடிய வேண்டிய இடத்தில் ஐந்துதான் முடிந்திருக்கும். அக்டோபர் நடுவில் கேட்பது தாமதம்தான். ஆனால் 29ஆம் தேதி வாசலில் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

ஒப்புக்கொண்ட பிறகு, ஒப்புக்கொள்ளாவிட்டால்

சிறுசிறு நீட்டிப்புகளாக வாங்குவதைவிட ஒரே தடவையில் போதிய அளவு வாங்கிவிடுவதே நல்லது என்பதைப் புரூக்ஸும் வலியுறுத்துகிறார். நீட்டிப்புக் கிடைத்த பிறகு மறுபடி கேட்க நேராதிருக்க, இடைத்தேதி ஒன்று வேண்டும். நம் கணக்கில் தீபாவளி வாரத்தையும் தேர்வு வாரத்தையும் கழித்துப் பார்த்தால் நவம்பர் 23க்குள் குறியிடல் முழுதும் முடிந்திருக்க வேண்டும். அன்று மூன்று நான்கு நேர்காணல்கள் மிச்சமிருந்தால், அது ஒரு வார வேலை என்பது உடனே தெரியும். அப்போதே, எழுதத் தொடங்கும் முன்பே நெறியாளருக்கு இரண்டு வரி அனுப்பிவிடலாம். குறியிடல் முடியாமல் எழுதத் தொடங்குவதும், வாரத்துக்கு 15 மணி நேரம் 10 ஆகக் குறைவதும், நெறியாளரின் அழைப்பைக் கண்டால் எடுக்கத் தோன்றாமல் இருப்பதும் தேதி நழுவுவதன் அடையாளங்கள். மூன்றாவதுதான் மிகத் தெளிவான அடையாளம்.

நெறியாளர் மறுத்தால்? அவருக்கும் காரணம் இருக்கலாம். உதவித்தொகைப் புதுப்பிப்பு, குழுக் கூட்டம், அவருடைய ஓய்வுபெறும் நாள் என்று மாணவருக்குத் தெரியாத தேதிகள் அவரிடம் உண்டு. அப்போது கேட்க வேண்டியது, "அந்தத் தேதிக்கு எது கட்டாயம் வேண்டும்?" என்பது. முழு இயல் இல்லாவிட்டாலும், பதினெட்டு எழுத்தாக்கம், குறியிட்ட வரையிலான கருப்பொருள் பட்டியல், முதல் பகுதி ஆகியவற்றை வைத்துக் குழுவின் முன் பேச முடியும். அதே கணக்கு இங்கேயும் உதவுகிறது. எதை வெட்டலாம் என்பதையும் அதுதான் சொல்கிறது.

நெறியாளர்களுக்கும் ஒரு சொல். வில்லன்ஸ் குழுவின் ஆய்வில் முறையான வழி இருந்தபோதுதான் தயக்கம் குறைந்தது. முதல் சந்திப்பிலேயே, "தேதி தாண்டும் என்று தெரிந்தால் இரண்டு வாரம் முன்னால் இந்த நான்கு விவரங்களோடு வாருங்கள்: முடிந்தது, மிச்சம், வேகம், புதிய தேதி" என்று சொல்லிவைத்தால் போதும். கேட்பது குற்றம் என்ற நினைப்பு அன்றைக்கே போய்விடும். ஜனவரி 27 என்று உண்மையைச் சொன்ன மாணவியிடம் முகம் சுளித்தால், அடுத்த முறை அவர் நவம்பர் கடைசி என்றுதான் சொல்வார். மாணவர்கள் பொய்த் தேதி சொல்வதற்கு நெறியாளர்களாகிய நாமும் பொறுப்பு.

ஆய்வு மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். இன்றே ஒரு நோட்டில் முடித்த துண்டுகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆன மணி நேரத்தையும் எழுதத் தொடங்குங்கள். கெடு நெருங்கும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நெறியாளரைப் பார்க்கப் போங்கள். தேதியை அந்த நோட்டு சொல்லட்டும்.